குரியர் புகாரில் ‘செய்யப்படவில்லை’யை எடுத்துவிட்டு எழுதிப் பழகிய அனுபவம்

வேலை காரணமாக பல வருடங்களாக குரியரில் பார்சல் அனுப்பிக்கொண்டே இருக்கிறேன், அதனால் தாமதமும் புகாரும் எனக்குப் பழகிப்போன விஷயம். நாளடைவில் ஆபீஸில் யாருக்காவது பார்சல் வராவிட்டால் புகாரை எழுதிவிட்டு என்னிடம் நீட்டுவது வழக்கமாகிவிட்டது. நான் முதலில் தேடுவது செயப்பாட்டு வினையைத்தான். அதை மாற்றி எழுதினால் என்ன நடக்கிறது, எங்கே மாற்றக் கூடாது என்பதை ஒரு புகாரை வைத்தே சொல்கிறேன்.

கூட வேலை செய்யும் அண்ணன் ஒருவர் தன் அக்காவுக்கு அனுப்பிய பார்சல் போய்ச் சேரவில்லை. அவர் எழுதி வைத்திருந்தது இது:

“கடந்த வாரம் என்னால் தங்கள் நிறுவனத்தில் பதிவு செய்யப்பட்ட பார்சல் இதுவரை டெலிவரி செய்யப்படவில்லை. பலமுறை தொடர்பு கொள்ளப்பட்டும் சரியான பதில் அளிக்கப்படவில்லை. வீட்டில் ஆள் இல்லை என்று காரணம் கூறப்பட்டது. அன்று வீட்டிலேயே இருந்தும் யாரும் வரவில்லை. ஆகவே தக்க நடவடிக்கை எடுக்கப்பட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

மரியாதையாகத்தான் இருக்கிறது, பிழையும் பெரிதாக இல்லை. ஆனால் இதைப் படிக்கும் ஊழியரால் எதையும் தேடிப் பார்க்க முடியாது. ஒவ்வொரு ‘-ப்பட்ட’ பக்கத்திலும் யார், எப்போது என்று கேட்டுப் பாருங்கள், பதில் கடிதத்துக்குள் இருக்காது. உதாரணத்துக்கு “காரணம் கூறப்பட்டது” என்ற வரி. யார் கூறியது என்று அண்ணனிடம் கேட்டேன். போனில் ஒரு பெண் சொன்னார் என்றார், அவருக்கு எப்படித் தெரியுமாம் என்றதும் மொபைலை எடுத்து ட்ராக்கிங்கைக் காட்டினார். அங்கே மார்ச் 7, மாலை 4.10 என்று நேரம் போட்டு ‘பெறுநர் வீட்டில் இல்லை’ என்ற பதிவு இருந்தது. இப்படிப்பட்ட பதிவை வழக்கமாக டெலிவரி ஊழியர் தன் கையில் இருக்கும் கருவியில் போடுவார், போனில் பேசியவர் அதைப் பார்த்துத்தான் படித்திருக்கிறார். புகாரிலேயே வலுவான ஆதாரம் இதுதான், ஏனென்றால் அந்த நேரத்தில் யார் அந்த ஏரியாவுக்குப் போனார், பெறுநருக்கு போன் செய்தாரா என்பதைக் கிளையில் விசாரிக்க முடியும். செயப்பாட்டு வினை அந்த ஆதாரத்தை முழுசாக விழுங்கியிருந்தது.

அடுத்த வரி இன்னும் மோசம். “அன்று வீட்டிலேயே இருந்தும் யாரும் வரவில்லை” என்றால் வீட்டில் இருந்தது அந்த ‘யாரும்’ என்றுகூடப் படிக்கலாம்! அக்கா இருந்தார் என்று அண்ணனுக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. எழுவாயை விட்டுவிட்டு எழுதுவது தமிழில் சகஜம், வினைமுற்றே ஆளைக் காட்டிவிடும். ஆனால் ‘இருந்தும்’, ‘செய்தும்’ போன்ற எச்சங்களில் அந்த வசதி இல்லை, அங்கே ஆளைச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

‘கடந்த வாரம்’ என்பதும் அப்படித்தான். புகாரை எப்போது திறக்கிறார்களோ அந்த நாளிலிருந்து பின்னால் எண்ணுவார்கள். தேதி போடுங்கள், அதையும் அது சேர வேண்டிய வினைக்குப் பக்கத்திலேயே போடுங்கள். “மார்ச் 8 அன்று பார்சல் வரவில்லை என்று போன் செய்தேன்” என்றால் வராதது 8-ஆம் தேதியா, போன் செய்தது 8-ஆம் தேதியா? “பார்சல் வரவில்லை என்று மார்ச் 8 அன்று போன் செய்தேன்” என்று இடம் மாற்றினால் குழப்பம் போய்விடும்.

திருத்தி அனுப்பியது இப்படி இருந்தது, பார்சல் எண்ணைத் தலைப்பிலேயே போட்டுவிட்டோம்:

“இந்தப் பார்சலை மார்ச் 3 அன்று உங்கள் கிளையில் கொடுத்தேன். மார்ச் 6-க்குள் சேர்ப்பதாக ரசீதில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இன்று மார்ச் 11, இன்னும் சேரவில்லை. மார்ச் 7 மாலை 4.10-க்கு ‘பெறுநர் வீட்டில் இல்லை’ என்று ட்ராக்கிங்கில் பதிவாகியிருக்கிறது. அன்று பெறுநர் நாள் முழுவதும் வீட்டில் இருந்தார், உங்கள் ஊழியர் வரவில்லை, போனும் செய்யவில்லை. மார்ச் 8 மற்றும் 10 அன்று உங்கள் வாடிக்கையாளர் சேவையை அழைத்தேன். இரண்டு முறையும் ‘நாளைக்குள் சேர்த்துவிடுவோம்’ என்றார்கள். பார்சல் இப்போது எந்தக் கிளையில் இருக்கிறது, எந்தத் தேதியில் சேர்ப்பீர்கள் என்பதை மார்ச் 13-க்குள் மெயிலில் சொல்லுங்கள். கொண்டுவரும் முன் பெறுநரை அழையுங்கள். என்னைக் கேட்காமல் திருப்பி அனுப்ப வேண்டாம்.”

கடைசி வரியை நான் எப்போதும் சேர்க்கச் சொல்வேன். ‘ஆள் இல்லை’ என்று சில முறை பதிவானால் பார்சலை அனுப்பியவருக்கே திருப்பிவிடுவது குரியர்களின் வழக்கம், அது ஒருமுறை கிளம்பிவிட்டால் நிறுத்துவது கஷ்டம். “தக்க நடவடிக்கை” என்று கேட்டால் அதைக்கூட நடவடிக்கை என்று கணக்குக் காட்டலாம்.

கவனித்தீர்களா, ‘பதிவாகியிருக்கிறது’ என்பதை நான் ‘உங்கள் ஊழியர் பொய்யாகப் பதிந்தார்’ என்று மாற்றவில்லை. அண்ணன் அப்படித்தான் எழுதச் சொன்னார், கோபம் நியாயமானதுதான். ஆனால் யார் பதிந்தார், வேறு வீட்டுக் கதவைத் தட்டிவிட்டுப் போனாரா என்பது எங்களுக்குத் தெரியாது. செய்தவர் யாரென்று நமக்கே தெரியாத இடத்தில் ஆளைச் சுட்டாமல் எழுதுவதுதான் நேர்மை. பெட்டி நசுங்கி வந்தாலும் அப்படியே, ‘நசுங்கியிருந்தது’ என்று எழுதிப் படம் இணைத்தால் போதும். யாரோ நசுக்கினார்கள் என்று எழுதினால் பேச்சு அந்த ஆளை நிரூபிப்பதில் போய்விடும்.

இன்னொன்று. ‘படு’ என்று கண்ணில் பட்டதையெல்லாம் அடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வருத்தப்படுகிறேன், தேவைப்படுகிறது, தாமதப்படுத்தினீர்கள் இவையெல்லாம் செயப்பாட்டு வினையே இல்லை. கடைசியில் சொன்னது செய்தவரை நேராகச் சுட்டும் வினை, அதை எடுத்துவிட்டு ‘தாமதம் ஏற்பட்டது’ என்று எழுதினால் பழைய குழிக்கே திரும்புகிறோம். செயப்பாட்டு வினை இல்லாமலும் ஆளை மறைக்கலாம் என்பதற்கு ‘ஏற்பட்டது’, ‘நிகழ்ந்தது’ எல்லாம் நல்ல உதாரணம்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, இப்படி எழுதிய புகாருக்கு வரும் முதல் பதில் பெரும்பாலும் மாறுவதில்லை. “தங்கள் புகார் உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டுள்ளது, விரைவில் நடவடிக்கை எடுக்கப்படும்” என்றுதான் வரும். வித்தியாசம் இரண்டாவது மெயிலில்தான். “எந்தப் பிரிவுக்கு அனுப்பினீர்கள்? யார் பார்க்கிறார்கள்? மார்ச் 13-க்குள் கேட்ட தேதி என்ன?” என்று அதே மெயிலுக்குக் கீழே மூன்று வரி எழுதினால் போதும், எல்லாத் தேதியும் மேலேயே இருப்பதால் கதையைத் திரும்ப ஆரம்பத்திலிருந்து சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் விஷயத்தில் இரண்டாவது மெயிலுக்குத்தான் கிளையிலிருந்து நேராக போன் வந்தது. பார்சல் பக்கத்துக் கிளைக்கு மாறிப் போயிருந்தது, மறுநாள் அக்காவை அழைத்துவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

பார்சல் நிஜமாகவே தொலைந்திருந்தால் எந்த வாக்கியமும் அதைக் கண்டுபிடித்துத் தராது. அப்போது இழப்பீடு கேட்க வேண்டிவரும், அதற்கு ரசீது, உள்ளே இருந்த பொருளின் பில், இந்த மெயில்கள் மூன்றையும் சேர்த்து வைத்திருங்கள். எந்தத் தேதியில் யாரிடம் சொன்னீர்கள், அவர்கள் என்ன சொன்னார்கள் என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக வரும்.