நூலக அபராதம்: எல்லா நாள்களுமா, வேலை நாள்கள் மட்டுமா?

விரிதாளில் வைத்த வழங்கல் பதிவேட்டில் தாமத நாள்களை இரு வழிகளில் கணக்கிடலாம். B2 கெடு தேதி, C2 திருப்பிய தேதி எனக் கொள்வோம்.

```
=MAX(0,C2-B2)
=MAX(0,NETWORKDAYS.INTL(B2+1,C2,11))
```

2025 மார்ச் 3 அன்று 14 நாள் தவணையில் வழங்கிய நூலின் கெடு மார்ச் 17. உறுப்பினர் அதை 24ஆம் தேதி திருப்பினால், நாளுக்கு ஒரு ரூபாய் வீதம் முதல் வழி 7 ரூபாயும், ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்க்கும் இரண்டாம் வழி 6 ரூபாயும் காட்டும். முதலாவதை உறுப்பினரே விரல்விட்டுச் சரிபார்த்துவிடலாம். ஆயினும், பூட்டிய நூலகத்துக்கு அபராதம் கேட்பது நியாயமன்று என்பதால் இரண்டாவதையே நான் விரும்புகிறேன். ஆனால், பிற விடுமுறைகளின் பட்டியலை நான்காம் உள்ளீடாகத் தராவிட்டால் அவையும் தாமதமாகவே எண்ணப்படும்.

இரண்டுக்கும் பொதுவான பிழை ஒன்றுண்டு: நூல் திரும்பாமல் C2 வெறுமையாக இருக்கும்வரை தாமதம் பூச்சியமாகவே தெரியும். ஆகவே, C2 வரும் இடத்தில் `IF(C2="",TODAY(),C2)` என எழுத வேண்டும்.