14 மாத ஆட்டுக்கால் சூப்: டம்ளரில் உறைந்தது, முழங்காலுக்குப் போகாதது

முழங்கால் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு மருத்துவர் "தேய்மானம் ஆரம்பிச்சிருக்கு" என்று சொன்ன அன்று சாயங்காலமே வீட்டில் ஆட்டுக்கால் பேச்சு வந்துவிட்டது. "காலுக்குக் காலுதான்டி மருந்து" என்றார் அம்மா. மகள் ஒரு படி மேலே போய், எலும்பை 12 மணி நேரம், 24 மணி நேரம் வினிகர் விட்டுக் கொதிக்க வைக்கும் வீடியோக்களாக அனுப்பினாள். கொலாஜன் மூட்டில் போய் உட்காரும், தோல் சுருக்கம் போகும், முடி கொட்டாது, குடல் ஆறும் என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. எனக்கு வயது 52, நாள் முழுக்க நின்று பாடம் நடத்தும் வேலை. நல்லது நடந்தால் வேண்டாம் என்றா சொல்வேன்? 14 மாதம் குடித்துப் பார்த்தேன்.

(அந்த வீடியோக்கள் சொல்லும் bone broth-ஐ 'போன் பிராத்' என்று தமிழில் எழுதினால் கைபேசியைக் கொதிக்க வைத்த மாதிரி இருக்கிறது. நான் எலும்புச் சாறு என்றே எழுதுகிறேன்.)

நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பெயர் சூப்தான். ஆனால் அடுப்பில் நடப்பது மூன்று வேறு காரியம். கறியோடு இருக்கிற நெஞ்செலும்பைக் குக்கரில் அரை மணி நேரம் வேகவிட்டால் வருவது இறைச்சிச் சாறு. கறி குறைவாகவும் மூட்டும் தோலும் நிறையவும் போட்டு மணிக்கணக்கில் காய்ச்சினால் எலும்புச் சாறு. இந்த இரண்டில் எதையாவது எடுத்து மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் தட்டிப் போட்டு, உப்புப் பார்த்து, கறித்துண்டோடு கிண்ணத்தில் ஊற்றினால்தான் சூப். முதல் இரண்டும் பாதி வழி, மூன்றாவதுதான் சாப்பாடு. இந்த வித்தியாசம் முக்கியம், ஏனென்றால் விளம்பரம் எலும்புச் சாற்றுக்குச் சொல்கிற பெருமையை நாம் நெஞ்செலும்பு சூப்புக்கும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறோம்.

ஆறினதும் ஜெல்லி மாதிரி உறைந்தால் நல்ல சாறு என்பது எல்லோரும் சொல்லும் சோதனை. பாதி சரி. தோல், தசைநார், குருத்தெலும்பு இவற்றில் இருக்கும் கொலாஜன், மூன்று இழை முறுக்கிய கயிறு போன்ற புரதம். சூட்டில் முறுக்கு அவிழ்ந்து தண்ணீரில் கரைவதுதான் ஜெலட்டின். குளிர்ந்ததும் அந்த இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைக்கின்றன. அதாவது டம்ளரில் கொலாஜன் இல்லை, அவிழ்ந்துபோன கொலாஜன்தான் இருக்கிறது.

எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க ஒரு கைவேலை செய்தேன். கேக் சாமான் கடையில் ஜெலட்டின் பொடி வாங்கி, மூன்று டம்ளரில் 100 மில்லி தண்ணீருக்கு 1 கிராம், 2 கிராம், 3 கிராம் என்று கரைத்து, சாறு ஊற்றிய டம்ளர்களோடு ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தேன். காலையில் சாய்த்துப் பார்த்தால் ஒப்பிடலாம். 1 கிராம் டம்ளர் தளதளவென்று சரிந்தது, 2 கிராம் ஆடியது, 3 கிராம் கரண்டி குத்தினால் வெட்டுப்பட்டது.

கறிக்கடை பாயிடம் வாட்டி, சுரண்டி, துண்டு போட்டு வாங்கின நாலு கால், ஒன்றரை லிட்டர் தண்ணீர், கொஞ்சம் மஞ்சள்தூள். ஒரு விசில் வந்ததும் தீயைக் குறைத்து 50 நிமிடம். அந்தச் சாறு 2 கிராமுக்கும் 3 கிராமுக்கும் நடுவில் நின்றது. அப்படியானால் 200 மில்லி டம்ளரில் சுமார் 5 கிராம். அரைக்கிலோ நெஞ்செலும்பை ஒரு லிட்டர் தண்ணீரில் 25 நிமிடம் வேகவைத்தது 1 கிராம் டம்ளரை விடவும் தளர்வாக இருந்தது. கோழி எலும்பு உறையவே இல்லை, கோழிக்கால் நாலு சேர்த்த பிறகுதான் உறைந்தது.

குழம்பிப்போனது 12 மணி நேரச் சாற்றில்தான். அதே நாலு கால், இரண்டு மேசைக்கரண்டி வினிகர், சிறு தீ, நடுநடுவே தண்ணீர் ஊற்றி ஒன்றரை லிட்டருக்குக் கொண்டுவந்தேன். இது கெட்டியாக உறைய வேண்டும் அல்லவா? குக்கர் சாற்றைவிடத் தளர்வாக நின்றது. கொலாஜன் எங்கே போனது? கொழுப்பை எடுத்துவிட்டு, உப்புப் போடாத சாறு இரண்டிலும் 100 மில்லி எடுத்துத் தட்டில் வற்றவைத்து எடைபோட்டேன். நீண்ட நேரச் சாற்றில் மிஞ்சியது குறைவில்லை, கொஞ்சம் அதிகமே. விஷயம் இதுதான்: கொதிக்கக் கொதிக்க ஜெலட்டின் இழைகள் துண்டு துண்டாக அறுந்துகொண்டே போகின்றன. அறுந்த துண்டுகளால் பின்னிக்கொள்ள முடியாது. அதனால் உறைந்தால் ஜெலட்டின் உண்டு என்று சொல்லலாம், உறையாவிட்டால் இல்லை என்று சொல்ல முடியாது. ஒரு சிலிண்டர் பத்து நாள் முன்னாலேயே தீர்ந்துபோனதுதான் 12 மணி நேரத்தால் எனக்குக் கிடைத்த தெளிவான பலன். அதன்பிறகு குக்கர்தான்.

குக்கருக்கும் எலும்புக்கும் பழைய உறவு என்பது பிறகுதான் தெரிந்தது. பிரெஞ்சுக்காரர் டெனி பாப்பான் 1679இல் லண்டன் ராயல் சொசைட்டியில் காட்டிய நீராவிப் பாத்திரம்தான் இன்றைய குக்கரின் பாட்டன். அதை அவர் செய்ததே எலும்பை மெதுவாக்கிச் சத்தெடுக்க. எலும்பு ஜெலட்டினே ஏழைகளுக்கு இறைச்சிக்கு ஈடு என்று பின்னாளில் பாரிசில் பெரிய நம்பிக்கை எழுந்தது. உடலியல் ஆய்வாளர் மஜாந்தி தலைமையில் அறிவியல் கழகக் குழு ஒன்று நாய்களுக்குக் கொடுத்து ஆராய்ந்து, ஜெலட்டின் மட்டும் உயிரைத் தாங்காது என்று 1841இல் அறிக்கை தந்தது. இன்று காரணம் தெரியும். ஜெலட்டினில் மூன்றில் ஒரு பங்கு கிளைசின் என்ற ஒரே அமினோ அமிலம். டிரிப்டோஃபேன் என்ற அத்தியாவசியமானது அறவே கிடையாது. "ஒரு டம்ளரில் 5 கிராம் புரதம்" என்றால் முட்டைப் புரதம் 5 கிராமுக்குச் சமம் இல்லை. அந்தச் சூப்பில் கறியோ, கூடவே ஒரு முட்டையோ இருந்தால் கணக்கு சரியாகிவிடும். அந்த வகையில் எலும்புச் சாற்றைவிடச் சாதாரணக் கறி சூப் முழுமையான உணவு.

இனி முழங்கால். காலைத் தின்றால் காலுக்குப் போகும் என்ற கணக்கில் வயிறு குறுக்கே நிற்கிறது. ஜெலட்டின் அங்கே அமினோ அமிலங்களாகவும் இரண்டு மூன்று அமினோ அமிலம் சேர்ந்த சிறு துண்டுகளாகவும் உடைகிறது. அந்தச் சிறு துண்டுகள் சில ரத்தத்தில் தென்படுவது உண்மை. கொலாஜன் விற்பவர்கள் பிடித்துக்கொள்வது இந்த உண்மையைத்தான். ஆனால் கொலாஜனுக்கே உரிய ஹைட்ராக்ஸிபுரோலின் என்ற அமினோ அமிலத்தைச் சாப்பாட்டிலிருந்து எடுத்து உடம்பு தன் கொலாஜனில் பொருத்துவதில்லை. சாதாரணப் புரோலினைக் கோர்த்த பிறகு, வைட்டமின் சி உதவியோடு அங்கேயே மாற்றிக்கொள்கிறது. வைட்டமின் சி இல்லாமல் போனால் ஸ்கர்வி நோயில் ஈறு உடைவது அதனால்தான். என் முழங்காலில் ஆட்டின் குருத்தெலும்பு ஒட்டப்போவதில்லை.

முன்பே சிறு துண்டுகளாக உடைத்து மாத்திரை, பொடியாக வரும் கொலாஜன் பெப்டைடு பற்றிய ஆய்வுகள் வேறு சங்கதி. அவற்றில் தினம் 10 கிராம் போல, அளந்த ஒரே அளவு கொடுக்கிறார்கள். வீட்டுச் சாறு அப்படி இல்லை. எலும்புச் சாறுகளை அளந்து பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், அதிலுள்ள அமினோ அமிலங்கள் காய்ச்சுக்குக் காய்ச்சு மாறுவதால் ஆய்வில் பயன்படும் அளவு நம்பகமாகக் கிடைக்காது என்று 2019இல் எழுதினார்கள். என் டம்ளர்களும் அதையே சொல்கின்றன. பொடிக்கே கூட நிலைமை உறுதியில்லை. மூட்டு நலத்துக்கான உரிமைகோரலை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் ஆதாரம் போதாது என்று ஏற்கவில்லை. தோல் பற்றிய 23 ஆய்வுகளைத் தொகுத்து 2025இல் வந்த கட்டுரையில், நிறுவனப் பணம் வாங்காத ஆய்வுகளைத் தனியே பிரித்ததும் பலன் காணாமல் போயிருந்தது. குடல் ஆறும் என்பதற்கு எலும்புச் சாற்றை மனிதருக்குக் கொடுத்துப் பார்த்த உருப்படியான சோதனையை நான் பார்க்கவில்லை.

என் அனுபவம்: நாலாம் மாதத்தில் படி இறங்கும்போது வலி நன்றாகக் குறைந்தது. அம்மாவுக்கு ஒரே பெருமை. ஆனால் இரண்டாம் மாதத்திலிருந்தே நான் பிசியோதெரபிஸ்ட் சொன்ன தொடைத்தசைப் பயிற்சியும் செய்துகொண்டிருந்தேன். எது வேலை செய்தது? ஒன்பதாம் மாதம் பயிற்சியை மட்டும் வைத்துக்கொண்டு ஆறு வாரம் சூப்பை நிறுத்தினேன். வலி திரும்பவில்லை. பிறகு ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மூன்று வாரம் தங்கினேன். அங்கே தினமும் சூப் கிடைத்தது, பயிற்சி விட்டுப்போனது. திரும்பி வந்த முதல் நாளே பள்ளி மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தேன். ஒரு ஆள் செய்த பரீட்சைதான், கல்யாண வீட்டு அலைச்சலும் சேர்ந்திருக்கும். ஆனாலும் எனக்குப் போதுமான பதில். தோலிலும் முடியிலும் மாற்றம் எதுவும் இல்லை, மகளிடமே கேட்டுவிட்டேன்.

எலும்பிலிருந்து கால்சியம் இறங்கும் என்பது இதைவிடப் பழைய நம்பிக்கை. லண்டனில் ஆய்வாளர் மெக்கான்ஸும் கூட இருந்தவர்களும் 1934லேயே அளந்து பார்த்து, எலும்புச் சாற்றில் கால்சியம் சொற்பம் என்று சொல்லிவிட்டார்கள். வினிகர் விட்டால் கூடும், கூடியும் ஒரு டம்ளருக்குச் சில பத்து மில்லிகிராமைத் தாண்டுவது அரிது. அதே டம்ளர் பாலில் 240 மில்லிகிராம் போல இருக்கும். கேழ்வரகுக் கூழே இதில் ஜெயிக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும் என் ரிப்போர்ட்டிலிருந்து. ஆரம்பத்தில் 5.9 இருந்த யூரிக் ஆசிட் ஏழாம் மாதம் 7.4 ஆனது. சூப்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கறி வேகும்போது, உடம்பில் யூரிக் ஆசிடாக மாறும் பியூரின் தண்ணீரில் இறங்கிவிடும், அந்தத் தண்ணீரைத்தான் நான் தினம் குடித்தேன். யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வலிக்கும் கௌட் நோய் உள்ளவர்களும், சிறுநீரகக் கோளாறுக்காக உப்பையும் புரதத்தையும் குறைத்திருப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினசரிக் கோப்பை தொடங்க வேண்டாம்.

இப்போது தினசரி இல்லை, மாதம் இரண்டு ஞாயிறு. காலுக்குப் பதில் பெரும்பாலும் நெஞ்செலும்பு, கறியோடு. கால் வாங்கினால் சாற்றில் பாதியைக் குழம்புக்கு எடுத்து வைப்பேன். ஜெலட்டின் சேர்ந்த குழம்பு உதட்டில் ஒட்டுகிற ருசி தேங்காய் அரைத்துவிட்டாலும் வராது. மிச்சத்தை அகலப் பாத்திரத்தில் ஆறவைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வைத்துவிடுவேன். ஒருமுறை ராத்திரி அடுப்பிலேயே விட்டு, காலையில் நுரைத்துப் புளித்ததைக் கீழே கொட்டினேன். போன வாரம் கடையில் பாய் கேட்டார்: "அக்கா, கால் வலி போயிருச்சா?" போயிருச்சு பாய், அரைக்கிலோ நெஞ்செலும்பு குடுங்க என்றேன்.