சித்து பலாவின் விவசாயிக்கு மூன்று அறிமுகங்கள்

பெங்களூருவில் நடக்கும் தோட்டக்கலைப் பயிற்சிகளுக்கு ஓசூர், தளி, பேரிகை பக்கமிருந்து தமிழ் விவசாயிகள் விடியற்காலை பஸ்ஸில் வருவார்கள். பேச வரும் முன்னோடி விவசாயி பெரும்பாலும் கன்னடக்காரர். வந்தவர்களில் பலருக்குக் கன்னடம் புரியும். ஆனாலும் ஏக்கர், செலவு, விளைச்சல் என்று வரும்போது தமிழில் கேட்டால்தான் அவர்களுக்கு மனத்தில் நிற்கும். அதனால் பேச்சாளரைத் தமிழில் அறிமுகம் செய்யும் வேலை சில வருடங்களாக என்னிடம் வருகிறது. ஒரே மனிதரை எத்தனை விதமாக அறிமுகம் செய்யலாம், எது எங்கே உடைகிறது என்பதை அந்த அனுபவத்திலிருந்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

உதாரணத்துக்கு எல்லோரும் அறிந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். துமகூரு மாவட்டம், குப்பி வட்டம், சேளூரைச் சேர்ந்த பரமேஷா. இவர் தோட்டத்துப் பலா மரம் ஒன்றின் சுளை செம்பு நிறத்தில் இருக்கும். கன்னடத்தில் சந்திர ஹலசு என்றும், நம் கன்னியாகுமரிப் பக்கம் செவ்வருக்கை என்றும் சொல்லும் சிவப்புச் சுளைப் பலா இனம்தான் அது. பெங்களூருவை அடுத்த ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் அந்த மரத்தை ஆராய்ந்து, 2017இல் அவரோடு ஒப்பந்தம் செய்து, 'சித்து' என்ற பெயரில் ஒட்டுக் கன்றுகளைப் பரப்பியது. இவரைப் பலா வைக்க நினைக்கும் ஐம்பது விவசாயிகள் முன் நிறுத்துகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வகை, நம் மேடைகளில் வழக்கமாகக் கேட்பது: "சாதனை விவசாயி, புதிய பலா ரகத்தை உருவாக்கிய விவசாய விஞ்ஞானி, தேசிய அளவில் பேசப்பட்டவர், நம் மண்ணின் பெருமை, ஐயா பரமேஷா அவர்களை வருக வருக என வரவேற்கிறோம்."

இதில் மரியாதை இருக்கிறது. வந்த விருந்தினரை நாலு பேர் முன்னால் உயர்த்திச் சொல்வது நம் வழக்கம், அதை நான் குறை சொல்லமாட்டேன். குறை அந்த ஒரு சொல்லில் இருக்கிறது: 'உருவாக்கிய'. அந்த ரகத்தை யாரும் உருவாக்கவில்லை. அது அவருடைய தந்தை நட்ட மரம். பலா அயல் மகரந்தச் சேர்க்கை கொண்டது என்பதால், ஒரே பழத்தின் இரண்டு கொட்டைகள் இரண்டு விதமான மரங்களைத் தரும். அப்படித் தற்செயலாக வந்த நல்ல மரம் ஒன்று அந்தக் குடும்பத்தின் கையில் கிடைத்தது. அதை வெட்டாமல் வைத்திருந்து, அதன் தனித்தன்மையைப் புரிந்துகொண்டு, ஆராய்ச்சியாளர்களின் பார்வைக்குக் கொண்டுவந்ததுதான் இவர்கள் செய்தது. அது சின்ன வேலை இல்லை. ஆனால் 'உருவாக்கினார்' என்று நாம் அறிமுகம் செய்தால், முதல் கேள்வியே "எந்த ரகத்தோடு எந்த ரகத்தைக் கலந்தீர்கள்?" என்று வரும். இல்லாத ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டிய நெருக்கடியில் விருந்தினர் மாட்டிக்கொள்வார். கேட்டவருக்கோ, ஏதோ மறைக்கிறார் என்று தோன்றும்.

'விஞ்ஞானி' என்ற சொல்லும் அப்படித்தான். அதைக் கேட்டதும் பின்வரிசைக்காரர் மனத்தளவில் எழுந்து போய்விடுகிறார். தன்னால் ஆகாத காரியம் என்று அவர் முடிவு செய்துவிடுகிறார். நான் முன்பு இப்படி அறிமுகம் செய்த ஒரு கூட்டத்தில், பேச்சு முடிந்ததும் வந்த கேள்விகள் எல்லாமே மானியம் பற்றியவை. பயிரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அறிமுகம் எப்படிப் போயிருக்கிறது என்பதை அளக்கக் கைதட்டலைவிட முதல் ஐந்து நிமிடக் கேள்விகளே நல்ல அளவுகோல் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

இரண்டாவது வகை, கஷ்டக் கதை. "வறட்சி, கடன், ஊராரின் ஏளனம், அத்தனையையும் தாண்டி..." என்று போகும். கூட்டம் அமைதியாகக் கேட்கும், சிலர் கண்கலங்குவார்கள். ஆனால் உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொருவருக்கும் இதே கதை வீட்டில் இருக்கிறது. அவர் பஸ் ஏறி வந்தது அந்தக் கஷ்டத்துக்கு என்ன வழி என்று கேட்க. தவிர, பேச்சாளர் தானே சொல்லாத துயரத்தை நாம் மேடையில் சேர்த்துச் சொல்வது நியாயமும் இல்லை. இதற்கு மேல் இந்த வகையைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

மூன்றாவது வகை, கணக்கைச் சொல்லி அறிமுகம் செய்வது. எழுதி வைத்துக்கொண்டு படித்தால் இரண்டு நிமிடம்:

"இவர் பெயர் பரமேஷா. துமகூரு பக்கம் சேளூர். உங்களைப் போல விவசாயி. இவருடைய அப்பா பெயர் சித்தப்பா. முறையைச் சொல்லவில்லை, பெயரே அதுதான். அவர் நட்ட பலா மரம் ஒன்றை ஆராய்ச்சி நிறுவனம் பார்த்தபோது அதற்கு வயது சுமார் 35. வருடத்துக்கு ஏறத்தாழ 450 காய்கள் பிடிக்கும். ஒரு பழம் சராசரி இரண்டே கால் கிலோவுக்கும் இரண்டரைக்கும் நடுவில். திறந்தால் 25 முதல் 30 சுளை. நிறம் செம்பு, இனிப்பு நன்றாக இருக்கும். அப்பா பெயரையே மரத்துக்கு வைத்து 'சித்து' என்கிறார்கள். ஒரு விஷயம்: இதன் கொட்டையைப் போட்டால் சித்து வராது. ஒட்டுக் கன்றுதான் வேண்டும். ஏன் என்பதையும், கன்றை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் இவரிடம் கேளுங்கள்."

இதில் ஒவ்வொரு வரிக்கும் வேலை இருக்கிறது. தந்தை பெயரை விளக்காமல் விட்டால் தமிழ்க் காதுக்கு "அவர் சித்தப்பா நட்ட மரம்" என்றே விழும். மரத்தின் கதையே மாறிப்போகும்.

பழத்தின் எடை ஏன்? பண்ருட்டிப் பழத்தைப் பார்த்துப் பழகியவருக்குப் பலா என்றால் பத்து, பதினைந்து கிலோ. இரண்டரைக் கிலோ பழம் என்றதும் 'இது என்ன பலா' என்று முகம் சுளிப்பார். அந்த இடத்தில்தான் 25 முதல் 30 சுளை என்ற அடுத்த வரி உதவுகிறது. நான்கு பேர் உள்ள நகரத்துக் குடும்பம் ஒரு பழத்தை வாங்கி ஒருவேளையில் முடித்துவிடலாம். வெட்டிப் பாதியை என்ன செய்வது என்ற கவலை இல்லை. பெங்களூரு போன்ற சந்தைக்கு அதுதான் இதன் பலம். மொத்த எடையைப் பெருக்கிப் பார்க்கவும் கேட்பவருக்கு இடம் கிடைக்கிறது: 450 பழம், சராசரி 2.44 கிலோ, ஆக மரத்துக்குச் சுமார் 1,100 கிலோ. சின்னப் பழம் என்பதால் விளைச்சல் குறைவு என்ற பயம் அங்கேயே விலகும்.

ஆனால் அதே கணக்கு ஏமாற்றவும் செய்யும். அந்த விளைச்சல் முப்பத்தைந்து வயது மரத்துடையது. 'வயது சுமார் 35' என்பதை விட்டுவிட்டால், ஏக்கருக்கு இத்தனை மரம், மரத்துக்கு 450 பழம் என்று யாராவது அந்த இடத்திலேயே பெருக்கி, நாலாம் வருடமே டன் கணக்கில் வரும் என்று கனவோடு ஊர் திரும்புவார். ஒட்டுப் பலா ஏறத்தாழ மூன்று, நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும் என்பது உண்மை. தொடங்குவது வேறு, 450 பிடிப்பது வேறு. பெருமையான எண்ணைச் சொல்லும் அதே மூச்சில் அதன் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டால், அந்தப் பிறகு வருவதே இல்லை.

பணத்தை நான் வேண்டுமென்றே அறிமுகத்தில் சேர்க்கவில்லை. கன்று விற்பனை வருமானத்தில் 75 சதவீதம் விவசாயிக்கு, 25 சதவீதம் நிறுவனத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒரு கன்று 150 ரூபாய் என்று விற்கப்பட்டது. தெரிந்துகொள்ள வேண்டிய செய்திதான். உங்கள் வரப்பில் நிற்கும் மரத்துக்கும் இப்படி ஒரு வழி உண்டு என்று அது சொல்கிறது. ஆனால் அதை முதலில் சொன்னால் பிறகு எதுவும் காதில் ஏறாது. பேச்சு முடியும் தறுவாயில் அவரே சொல்லட்டும்.

மூன்றாவது வகைக்கு வரும் கேள்விகளின் தரமே வேறு. அதே முறையில் ஓர் ஒட்டு மா விவசாயியை அறிமுகம் செய்த அன்று, தளிப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மேடைக்கு வந்து, காட்சிக்கு வைத்திருந்த கன்றைப் பையோடு தூக்கினார். கட்டைவிரலால் தண்டைத் தடவிக்கொண்டே போய், மண்ணுக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் இருந்த ஒட்டுத் தழும்பில் நிறுத்தினார். "இதற்குக் கீழே முளைக்கிறதே, இதை என்ன செய்வது?" என்று கேட்டார். அன்றைய பயிற்சியின் முக்கால் பங்கு அந்தக் கேள்விக்குள் இருந்தது. ஒட்டுக்குக் கீழே வரும் துளிர் வேர்ச்செடியினுடையது. அதைக் கிள்ளிவிடாமல் வளரவிட்டால் ஒட்டுக்குச்சியை அமுக்கிவிடும். வருடக்கணக்கில் தண்ணீர் ஊற்றிய பிறகு காய்ப்பது ஏதோ ஒரு நாட்டுப் பழமாக இருக்கும். பலாவிலும் இதே கதைதான். கன்று வாங்கும்போது தழும்பு தெளிவாகத் தெரிகிறதா, துளிர் அதற்கு மேலிருந்து வருகிறதா என்று பார்ப்பதும் அதனால்தான்.

மூன்றாவது வகைக்கு ஒரு விலை உண்டு. முந்தின நாள் மாலை பேச்சாளரோடு அரைமணி நேரம் உட்கார வேண்டும். அவர் குண்டேயில் பேசுவார், நம்மவர் சென்ட்டில் நினைப்பார். நாற்பது குண்டே ஓர் ஏக்கர், நூறு சென்ட்டும் ஓர் ஏக்கர். ஆகவே ஒரு குண்டே என்பது இரண்டரை சென்ட். 'பத்து குண்டே' என்று அவர் சொன்னால் 'இருபத்தைந்து சென்ட்' என்று தயாராக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மேடையில் நின்று மனக்கணக்குப் போட்டு நான் ஒருமுறை தவறாகச் சொல்லிவிட்டேன். பேச்சாளர் நல்ல மனிதர், மெதுவாகத் திருத்தினார். ஆனால் நான் அதற்கு முன் சொன்ன எண்களையும் கூட்டம் சந்தேகப்படத் தொடங்கியது.

அந்த அரைமணி நேரம் கிடைக்காத நாளில் என்ன செய்வது? அப்போதும் முதல் வகைக்குப் போகாதீர்கள். பெயர், ஊர், என்ன பயிர், எத்தனை வருடமாக என்ற நான்கை மட்டும் சொல்லி ஒலிவாங்கியைக் கொடுத்துவிடுங்கள். தெரியாத எண்ணை ஊகித்துச் சொல்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பலாப் பருவமாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். மேசையில் ஒரு தராசும் ஒரு பழமும் வையுங்கள். அறிமுகம் முடிந்ததும் முன்வரிசையில் ஒருவரைக் கூப்பிட்டு முழுப் பழத்தை நிறுக்கச் சொல்லுங்கள். பிறகு வெட்டி, சடை நீக்கி, சுளையை மட்டும் தனியாக நிறுத்துப் பார்க்கட்டும். இரண்டு எண்ணையும் அவரே உரக்கச் சொல்லட்டும். அறிமுகத்துக்கு முன்பாக மட்டும் வெட்டிவிடாதீர்கள். வாசனை எழும்பிவிட்டால் யாரும் காது கொடுக்கமாட்டார்கள்.