280 வெள்ளி போச்சு: வெயில்ல எடுத்த படத்துல பொருள் சேர்க்கக் கொடுக்குறவங்க இதைப் படிங்க

தீபாவளிக் குடும்பப் படத்துல ஒரு குத்துவிளக்கைச் சேர்க்கணும், அவ்வளவுதான். பிரிண்டும் ஃபிரேமும் சேர்த்து 280 வெள்ளி. படத்தைத் திருத்தி ஃபிரேம் போட்டுத் தர்ற சின்னக் கடை, பேர் வேண்டாம்.

ஏமாந்தது கடையில காட்டின மாதிரிப் படத்தைப் பாத்து. ஒரு பூந்தொட்டியைச் சேர்த்திருந்தாங்க, ஒட்டவச்சது மாதிரியே தெரியல. இப்பதான் உறைக்குது, அது மேகமூட்டத்துல எடுத்த படம். அப்போ வானம் முழுக்க இருந்து வெளிச்சம் வரும். தொட்டிக்கு அடியில லேசா கருமை பூசினாலே போதும், நிழலுக்குத் திசையே கிடையாது. நாங்க கொடுத்தது அக்டோபர் கடைசியில, காலை பத்து மணிக்கு, புளோக்குக்குக் கீழ சுள்ளுனு அடிக்கிற வெயில்ல எடுத்தது.

வந்த படத்துல ரெண்டு சூரியன். எல்லார் முகத்துலயும் வெயில் வலப்பக்கம், மூக்கு நிழல் இடப்பக்கம். விளக்குல மட்டும் மினுமினுப்பு இடப்பக்கம், நிழல் வலப்பக்கம்! விளக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குற பொருள். இடவலமா திருப்பிப் போட்டிருந்தா மினுமினுப்பாவது ஒரு நிமிஷத்துல சரியாயிருக்கும்.

நிழலோட கோணத்தைக் குத்துமதிப்பா போடவும் தேவையில்ல. நிக்கிற ரெண்டு பேரோட காலடியில இருந்து அவங்க தலை நிழல் வரைக்கும் கோடு போட்டு நீட்டணும். சமதரையில, வெயில் கேமராவுக்குப் பின்னால இருந்து சாய்வா வந்தா, ரெண்டு கோடும் அடிவானத்துல ஒரே புள்ளியில சேரும். விளக்கோட கோடும் அதே புள்ளிக்குத்தான் போகணும். நீளமும் அப்படித்தான். இங்க அந்த மாசம் பத்து மணிக்குச் சூரியன் ஏறக்குறைய 45 பாகையில நிக்கும், அதனால நிழல் ஆள் உயரத்துக்குக் கிட்டத்தட்ட சமம். மூணு அடி விளக்குக்கு மூணு அடி நிழல் வேணும். இவங்க போட்டது அரை அடி, உச்சிவெயில் நிழல்.

நிறமோ அடுப்புக்கரி. வெளியில விழுற நிழல்ல வானத்து நீலம் கலந்திருக்கும், தரையோட சொரசொரப்பும் தெரியும். பக்கத்து ஆளோட நிழல்ல இருந்தே நிறத்தை எடுத்து, அடியில இருக்குற தரை தெரியுற மாதிரி கருமையாக்குற மல்டிப்ளை முறையில போட்டு, அந்த நிழலோட கருமைக்குச் சரியா வர்ற அளவுக்கு அடர்த்தியைக் குறைக்கணும். பாதம் தொடுற இடத்துல நிழல் அழுத்தமா, கூர்மையா இருக்கும். நுனிக்குப் போகப் போக ஓரம் லேசா கலையும். இதுல அடியில இருந்து நுனி வரை ஒரே மங்கல், அதனால விளக்கு தரையைத் தொடாம மிதக்குது.

கேட்டதுக்கு, "போன்ல பாத்தா தெரியாதுண்ணே". அடுத்த தடவை, "ரெண்டு திருத்தம் முடிஞ்சிருச்சு, இனிமே தனிக் காசு". அதுக்கப்புறம் நீல டிக் மட்டும். 280 வெள்ளி!

கொடுக்குறதுக்கு முன்னாடி வெயில்ல எடுத்த மாதிரிப் படம் கேளுங்க. பிரிண்டுக்குப் போகுமுன்ன முழு அளவுல பெரிய திரையில காட்டச் சொல்லுங்க, போன்ல பாத்து ஓகே சொல்லாதீங்க. முழுக் காசையும் முன்னாடியே கட்டாதீங்க.