கலைந்த எழுத்தா, மறைத்த எழுத்தா: எண்ணிப் பார்ப்பதும் மாற்றிப் பார்ப்பதும்

சேலத்தில் ஓர் அச்சகத்தில் பழைய கணினிக் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு கட்டு குறுந்தகடுகள் வந்தன. தோட்டத்து ரைட்டர்கள் பல ஆண்டுகளாகத் தட்டச்சு செய்து வைத்திருந்த கடிதங்கள், கூலிப் பட்டியல்கள், மூட்டைக் கணக்குகள் எல்லாம் அவற்றில் இருந்தன. திறந்து பார்த்தால் பாதிக் கோப்புகளில் ஒரு சொல்கூடப் படிக்க முடியவில்லை. எது கெட்டுப்போன எழுத்து, எது யாரோ வேண்டுமென்றே மறைத்து எழுதியது, எது விசைப்பலகையில் கை பட்டு விழுந்த குப்பை என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருந்தது. குப்பையை மட்டும் நீக்கிவிடலாம் என்பது தோட்டத்தாரின் பேச்சு.

இதற்கு மூன்று வழிகள் உண்டு. கண்ணால் பார்த்தே சொல்வது ஒன்று. மாற்றிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது இன்னொன்று. எழுத்துகளை எண்ணிப் பார்ப்பது மூன்றாவது. மூன்றையும் செய்து பார்த்த பின் நான் எண்ணிப் பார்ப்பதன் பக்கம் வந்துவிட்டேன்.

கண்ணால் பார்ப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. `S4L3M` என்று இருந்தால் அது எழுத்துக்குப் பதில் அதைப் போலத் தெரியும் இலக்கத்தை இட்டு எழுதும் லீட்ஸ்பீக், A-க்கு 4, E-க்கு 3 என்று யாரும் சொல்லிவிடலாம். `FNYRZ` என்பது SALEM என்பதன் ஒவ்வோர் எழுத்தையும் 13 இடம் தள்ளி எழுதியது என்பதும் பழகிய கண்ணுக்குத் தெரியும். ஆனால் தமிழ்க் கோப்புகளில் கண் மிக மோசமாக ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ‘தமிழ்’ என்பது `jkpo;` என்று தெரியும். பாமினி பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசை அமைப்பைப் பின்பற்றுவது. ஆகவே நாம் அடிக்கடி எழுதும் க, த, ம, ட, ன, புள்ளி ஆகியவை விரல் ஓய்ந்திருக்கும் நடு வரிசையிலேயே `f`, `j`, `k`, `l`, `d`, `;` என்று அமர்ந்திருக்கின்றன. விசைப்பலகையில் சும்மா கையை வைத்துத் தட்டினாலும் விழுவது இதே எழுத்துகள்தாம். அதனால்தான் நல்ல தமிழ்க் கடிதம் ஒன்று குழந்தை தட்டிய குப்பையைப் போலவே தெரிகிறது. என்னுடன் வேலை செய்யும் தம்பி அப்படி 11 கோப்புகளை “இது கிறுக்கல், அண்ணா” என்று ஒதுக்கி வைத்திருந்தான். அவற்றில் 9 கடிதங்கள்.

அடுத்து மாற்றிகள். பாமினி, டிஸ்கி, டேப் என்று யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்து முறைகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுத்து, எதில் தமிழாகப் படிக்க வருகிறதோ அதை எடுத்துக்கொள்வது. பலரும் இதைத்தான் செய்கிறார்கள். வேகமான வழி என்பதை மறுக்க முடியாது. கோப்பு முழுவதும் ஒரே எழுத்துருவில் இருந்து, அளவும் இரண்டு மூன்று பக்கம் இருந்தால் நானும் இதையே செய்வேன். இதன் குறை, எதைப் போட்டாலும் ஏதோ ஒரு தமிழ் எழுத்தைத் தந்துவிடும் என்பது. `asdf` என்ற வெறும் கிறுக்கலைக் கொடுத்தால் ‘யளனக’ என்று வரும். `estate` என்ற நேரான ஆங்கிலச் சொல்லைக் கொடுத்தால் ‘நளவயவந’ என்று வரும். திரையில் தமிழ் எழுத்து தெரிகிறது என்பதற்காக அடியில் தமிழ் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

எண்ணிப் பார்ப்பது இதற்கு நேர்மாறான வேலை. அது எதையும் படிக்க முயல்வதில்லை. எந்த எழுத்து எத்தனை முறை வருகிறது, எதை அடுத்து எது வருகிறது என்பதை மட்டும் கேட்கிறது. அமெரிக்க மறையெழுத்து வல்லுநர் வில்லியம் ஃபிரீட்மன் 1920களின் தொடக்கத்தில் வகுத்த கணக்கு இதற்கு அடிப்படை. ஓர் உரையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு இரண்டு எழுத்துகளை எடுத்தால் இரண்டும் ஒரே எழுத்தாக இருக்கும் வாய்ப்பு எவ்வளவு? 26 எழுத்துகளும் சமமாகக் கலந்து கிடந்தால் 100-க்கு 3.8. உண்மையான ஆங்கில உரையில் ஏறத்தாழ 6.7. ஓர் எழுத்துக்குப் பதில் இன்னோர் எழுத்து என்று முழு உரையையும் மாற்றி எழுதினாலும் இந்த எண் மாறாது. பெயர்கள் மாறுகின்றனவே தவிர, எண்ணிக்கைகள் அப்படியே இருக்கின்றன. பாமினிக் கோப்பும் இந்த வகையில் யாரும் நினைக்காமல் உண்டான ஒரு மறையெழுத்துதான்.

ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. கை போன போக்கில் தட்டிய கிறுக்கலில் நடு வரிசையின் சில விசைகளே திரும்பத் திரும்ப வருவதால் அதிலும் இந்த எண் உயர்ந்தே இருக்கும். தீர்ப்புச் சொல்வது அடுத்தடுத்த எழுத்துகளின் இணைகள். ரைட்டர் ஒருவரின் கடிதத்திலிருந்து ஒரு துண்டை எடுத்துக்கொள்வோம்:

```
Nryj;jpy; ,Ue;J Vw;fhL
```

இடைவெளியை விட்டால் 20 குறிகள். அவற்றில் 4 அரைப்புள்ளி, அதாவது ஐந்தில் ஒன்று. எந்த ஆங்கில உரையிலும் அரைப்புள்ளி இவ்வளவு வராது. அந்த நான்குக்கும் முன்னால் நிற்பவை `j`, `y`, `e`, `w`. பாமினியில் அவை த, ல, ந, ற. நான்கும் மெய் கொள்ளும் எழுத்துகள். எந்தச் சொல்லும் அரைப்புள்ளியில் தொடங்கவில்லை, இரண்டு அரைப்புள்ளிகள் ஒட்டி நிற்கவும் இல்லை. தமிழில் புள்ளி மெய்யின் மேல்தான் ஏறும். சொல்லின் முதலில் தனி மெய் வராது. இந்த இலக்கணத்தைக் கிறுக்கல் காப்பாற்றாது. கிறுக்கலில் `;;` வரும், காலுக்குரிய `h` என்ற விசைக்குப் பின் `;` வரும், வரியின் முதலிலேயே `;` வரும். இந்தத் துண்டு ‘சேலத்தில் இருந்து ஏற்காடு’ என்பது மாற்றிப் பார்த்த பிறகு தெரிந்தது. தமிழ் என்பது அதற்கு முன்பே தெரிந்துவிட்டது. இந்தச் சோதனைக்கு மூன்று வரி நிரல் போதும்:

```python
from collections import Counter
t = open("f.txt", encoding="latin-1").read()
print(Counter(a for a, b in zip(t, t[1:]) if b == ";"))
```

வேண்டுமென்று மறைத்ததையும் எண்ணிக்கைதான் காட்டிக் கொடுத்தது. மூட்டைக் கணக்குகளில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் இரண்டிலிருந்து நான்கு ஆங்கிலப் பெரிய எழுத்துகள் இருந்தன. மாற்றி அவற்றையும் தமிழாக்கிப் பொருளற்ற அசைகளைத் தந்தது. எண்ணியபோது, எல்லா வரிகளிலும் சேர்த்து 10 எழுத்துகள் மட்டுமே புழங்கியிருந்தன. அந்தப் பத்தில் ஒன்று எந்தத் தொகுதியிலும் முதலிடத்தில் வரவே இல்லை. பத்துக் குறிகள் என்றால் இலக்கங்கள்; எண்ணின் முதலில் வராத இலக்கம் பூஜ்யம். எழுத்து திரும்ப வராத பத்தெழுத்துச் சொல் ஒன்றை வைத்துக்கொண்டு விலையை எழுத்தால் குறிக்கும் வழக்கம் வணிகத்தில் பழையது. தோட்டத்துப் பெரியவரிடம் இதைச் சொன்னபோது, “விலை வெளியில தெரியக் கூடாதுன்னு எழுதினதுங்க அது” என்றார். அந்தச் சொல் தோட்டத்தாருடையது என்பதால் இங்கே எழுதவில்லை.

லீட்ஸ்பீக்கை விபத்திலிருந்து பிரிப்பதிலும், எது மாறியிருக்கிறது என்பதைவிட எங்கெங்கே மாறியிருக்கிறது என்பதையே பார்க்க வேண்டும். அச்சுத் தாளைக் கணினி வருடிப் படிக்கும்போது O-வை 0 என்றும், I-யை 1 என்றும், S-ஐ 5 என்றும் தவறாகப் படிப்பது உண்டு. லீட்ஸ்பீக்கும் இதே இணைகளையே பயன்படுத்துகிறது, இரண்டுக்கும் உருவ ஒற்றுமையே அடிப்படை என்பதால். `4R4B1C4 50 kg` என்றால் மனிதர் மாற்றியது: சொல் மாறியிருக்கிறது, எண் அப்படியே இருக்கிறது. `ARAB1CA 5O kg` என்றால் இயந்திரம் தவறாகப் படித்தது: எண்ணுக்குள்ளும் எழுத்து புகுந்திருக்கிறது. விபத்துக்குச் சொல்லின் பொருள் தெரியாது. அது எல்லா இடத்திலும் விழும். மறைப்பவர் தமக்கு வேண்டிய சொல்லை மட்டும் தொடுவார். தமிழிலும் க-வுக்குப் பதில் ௧ என்ற தமிழ் இலக்கத்தை இட்டு ஒரு சொல்லைத் தேடலுக்கு அகப்படாமல் செய்யலாம். அது ஒரு சொல்லில் மட்டும் இருந்தால் மறைப்பு என்று கொள்ளலாம். ஆனால் கோப்பு முழுவதும் ஔ என்பது ஒள என்று இருந்தால், அது தட்டச்சுப் பழக்கம்.

எண்ணிக்கைக்கும் எல்லை உண்டு. பத்துப் பதினைந்து எழுத்துள்ள துண்டில் எண்ணுவதற்கே எதுவும் இராது. அங்கே மாற்றிதான் கை கொடுக்கும். இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் எழுத்தைத் தள்ளும் விஷனேர் வகை மறையெழுத்தில் அந்த 6.7 இறங்கி, வெறும் கலவையின் எண்ணை நெருங்கிவிடும். அத்தகைய ஒன்றை நான் கையாண்டது ஒரே ஒரு முறைதான். அதை வைத்து யாருக்கும் வழி சொல்லத் துணிய மாட்டேன்.

இருந்தும் நான் எண்ணிக்கையையே முதலில் வைப்பதற்குக் காரணம், தவறு நேர்ந்தால் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான். எண்ணியதில் தவறினால் கோப்பு தொடப்படாமல் இருக்கும், மறுபடியும் எண்ணலாம். மாற்றியதில் தவறிச் சேமித்துவிட்டால் மூலம் போய்விடும். இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். குறுந்தகடுகளில் சில கோப்புகள் யூனிகோடிலேயே இருந்தவை. ஆனால் அவற்றை மேற்கத்திய எழுத்துக்குரிய விண்டோஸ்-1252 முறையில் திறந்ததால் ‘ஏற்காடு’ இப்படித் தெரிந்தது:

```
à®à®±à¯à®•à®¾à®Ÿà¯
```

யூனிகோடின் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள். முதல் பைட் எப்போதும் E0, அது à ஆகத் தெரியும். இரண்டாவது AE அல்லது AF, அவை ® அல்லது ¯. மூன்றாவது பைட்தான் எந்த எழுத்து என்பதைச் சொல்வது. விண்டோஸ்-1252-இல் 81, 8D, 8F, 90, 9D என்ற ஐந்து இடங்களுக்கு எழுத்தே இல்லை. நம் ‘ு’ 81-இல் முடிகிறது, புள்ளி 8D-இல், ஏ 8F-இல், ஐ 90-இல். சில மென்பொருள்கள் இந்தப் பைட்டுகளைக் கண்ணுக்குத் தெரியாமல் வைத்திருக்கும், சில தூக்கி எறிந்துவிடும். நான் பயன்படுத்தியது எறிந்துவிட்டது. நானும் கவனிக்காமல் சேமித்துவிட்டேன். திருப்பி மாற்றியபோது ஏற்காட்டில் ஏ, புள்ளி, டு-வின் சுழி மூன்றும் போய், ற, கா, ட மட்டும் தேறின.

அங்கேயும் எண்ணிக்கைதான் மீட்டது. மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டு போனால் எங்கே மூன்றாவது குறி இல்லாமல் அடுத்த à வருகிறதோ அங்கே ஒரு பைட் விழுந்திருக்கிறது என்று தெரியும். தனித்து நிற்பது `à®` என்றால் தொலைந்தது ஏ அல்லது ஐ. `à¯` என்றால் புள்ளி அல்லது ‘ு’. இரண்டில் எது என்பதைச் சொல்லைப் பார்த்து முடிவு செய்யலாம்: ‘றகாட’ என்பதில் ற-வுக்குப் பின் புள்ளியும் ட-வுக்குப் பின் சுழியும்தான் பொருந்தும். கூலிப் பட்டியல்களில் ஊர்ப்பெயர்களை இப்படிச் சரிசெய்ய நான்கு நாள் ஆயிற்று. ஆட்பெயர்களில் சிலவற்றுக்கு இரண்டு வாசிப்பும் பொருந்தியதால், அவற்றுக்கு நேரே குறியிட்டுத் தோட்டத்தாரின் கையெழுத்துப் பேரேட்டோடு ஒத்துப் பார்க்க மலைக்கு அனுப்பியிருக்கிறேன்.