நாலு வருட யூஎஸ்பி டர்ன்டேபிள்: பெல்ட் மாற்றிய பிறகு தெரிந்தது

போன மாதம் என் டர்ன்டேபிளின் பெல்ட் தளர்ந்துபோய் மாற்ற வேண்டியிருந்தது. அதே வாரம் நண்பர் ஒருவர், "நீங்க வச்சிருக்கிறதையே நானும் வாங்கலாமா?" என்று கேட்டார். நாலு வருடத்தில் 60 எல்பி இசைத்தட்டுகளைக் கணினியில் ஏற்றியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் உடனே "தாராளமா வாங்குங்க" என்றேன்.

இயந்திரத்தைக் குறை சொல்ல முடியாது. இரைச்சல் இல்லை, ஊசி நிதானமாக உட்காரும், பெல்ட்டை நானே பத்து நிமிடத்தில் மாற்றிவிட்டேன். வேகம் சரிதானா என்று பார்க்க, குறுக்கே கீறல் விழுந்த தட்டு ஒன்றை எடுத்தேன். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற வேகத்தில் தட்டு ஒரு சுற்று சுற்ற 1.8 விநாடி ஆகும். அந்தக் கீறல் சுற்றுக்கு ஒருமுறை 'டிக்' என்று அடிக்கும் என்பதால், பத்து சுற்றுக்குச் சரியாக 18 விநாடி வர வேண்டும். புது பெல்ட்டில் வந்தது. அதே தட்டின் பழைய கோப்பில் 18.3 விநாடி. அதாவது கொஞ்ச காலமாகவே எல்லாம் மெதுவாகப் பதிவாகியிருக்கிறது. கீறல் இப்படியும் உதவும் என்று தெரிந்ததில் ஒரு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் நிலைக்கவில்லை. இரண்டு கோப்புகளையும் அடுத்தடுத்துக் கேட்டபோது, பழையதில் டிரம் குச்சி விழும் சத்தத்துக்கு முனையே இல்லை. துணி போர்த்தி அடித்ததுபோல் இருந்தது. காரணம், டர்ன்டேபிளோடு வந்த மென்பொருள். 'கிளிக் நீக்கு' என்பதை அது தானாகவே தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். பதிவாகும்போதே சுத்தம் செய்து நேராக எம்பி3 ஆக்கிவிடும். நான் அதைக் கவனித்ததே இல்லை.

நியாயமாகச் சொன்னால், இது எந்த மென்பொருளுக்கும் கஷ்டமான வேலை. கீறல் என்பது அலைவடிவத்தில் சட்டென்று எழுந்து அடங்கும் ஒரு கூர்முனை. குச்சி டிரம்மில் படும் கணமும் ஏறக்குறைய அப்படித்தான் தெரியும். ஆனால் பெரிய கீறலை விட்டுவிட்டு டிரம்மைத் தின்றதையும், அசலை வைக்காமல் அழித்ததையும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இப்போது Audacity என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் பதிகிறேன். கீறல் சத்தம் பாட்டைவிட உயரமாக எழும்பும் என்பதால், உச்சம் -6 டெசிபலைத் தாண்டாமல் வைத்துக்கொள்கிறேன். பதிந்ததும் எதையும் தொடாமல் ஒரு FLAC கோப்பாகச் சேமித்துவிடுவேன். சுத்தம் செய்வது அதற்கு அப்புறம்தான். டிராக்கை `Ctrl+D` அடித்து நகலெடுத்து, ஒன்றில் `Click Removal`, மற்றதில் `Invert` போட்டு இரண்டையும் சேர்த்து ஒலிக்கவிடுகிறேன். பொதுவானதெல்லாம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, மென்பொருள் எதை எடுத்ததோ அது மட்டும் காதில் விழும்.

மேலே சொன்ன தட்டில், `Click Removal`-இல் ஏற்கெனவே இருந்த `Threshold` 200, `Max Spike Width` 20 என்ற அளவுகளை வைத்தபோது மிச்சத்தில் தாளம் தெளிவாகக் கேட்டது. அப்படிக் கேட்டால் இசையும் போகிறது என்று அர்த்தம். `Threshold`-ஐ 400-க்கு ஏற்றி, `Max Spike Width`-ஐ 12-க்கு இறக்கிய பிறகுதான் வெறும் 'டிக் டிக்' மட்டும் மிஞ்சியது. தப்பிய பெரிய கீறல்களை நன்றாகப் பெரிதாக்கிப் பார்த்து, ஒவ்வொன்றாக `Repair` கொண்டு சரிசெய்கிறேன். அது ஒரு தடவையில் 128 சாம்பிள் வரைதான் எடுக்கும். 44.1 கிலோஹெர்ட்ஸில் அது ஏறக்குறைய 3 மில்லிவிநாடி. பெரும்பாலான கீறலுக்குப் போதும்.

FLAC ஏன் என்று நண்பர் கேட்டார். 20 நிமிடப் பக்கம் ஒன்று வேவ் கோப்பாக 210 எம்பி வரும். FLAC ஆக்கினால் ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் அது கணிசமாகச் சுருங்கும். கூடவே ஒலியின் சரிபார்ப்புக் குறியீடும் கோப்புக்குள்ளேயே இருக்கும். சில வருடம் கழித்து டிஸ்க்கில் கோப்பு கெட்டுப்போயிருக்கிறதா என்று ஒரே வரியில் பார்த்துவிடலாம்:

```
flac -t pakkam1.flac
```

எம்பி3 போனில் கேட்க மட்டும். அதைப் பெட்டகத்தில் வைத்தால், விட்டுப்போனதைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

சரி, வாங்கலாமா? பாட்டு நன்றாக வருகிறது, பழுதும் சுலபம். ஆனாலும் இந்த வாரம் கேட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். நண்பரிடம் என் வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். 60 தட்டில் இதுவரை ஒன்பதைத்தான் மறுபடி பதிந்திருக்கிறேன். அதில் இரண்டு, இடைப்பட்ட வருடங்களில் இன்னும் தேய்ந்துவிட்டன.