பனியாற்று மாவு, பாசி, செம்மண்: தண்ணீரைக் கலக்கியது எது?

ஜெனீவா நகரின் மேற்குப் பக்கம் ரோன் ஆறும் ஆர்வ் ஆறும் சேர்கின்றன. கூடும் இடத்துக்கு மேலே உள்ள பாலத்தில் நின்று கீழே பார்த்தால், ஒரு பாதி நீலப்பச்சையாகத் தெளிந்து ஓடும். மறுபாதி, முக்கியமாகக் கோடையில், சிமென்ட் கரைத்த மாதிரி சாம்பலாக ஓடும். சாம்பல் நீர் பனியாற்றிலிருந்து வருகிறது, தெளிந்த நீர் ஏதோ ஊற்றிலிருந்து வருகிறது என்றுதான் பெரும்பாலோர் முடிவுகட்டுவார்கள். ஆனால் ரோன் பிறப்பதே ஒரு பனியாற்றின் அடியில்தான். ஆர்வ் மோன் பிளாங்க் மலைப் பக்கத்துப் பனியாறுகளின் உருகுநீரைக் கொண்டுவருகிறது. இரண்டுக்கும் தாய்வீடு ஆல்ப்ஸ் பனிதான். வழியில் ரோன் லெமான் ஏரிக்குள் புகுந்து வெளிவருகிறது, ஆர்வுக்கு அப்படி ஓர் ஏரி கிடையாது. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஆக, நிறம் முதலில் சொல்வது நீர் எங்கே பிறந்தது என்பதை அல்ல. எந்த அளவுத் துகளைச் சுமக்கிறது, அந்தத் துகளை இறக்கிவைக்க வழியில் இடம் இருந்ததா என்பதைத்தான் சொல்கிறது. பனியாற்று மாவு, பாசி, செம்மண் களி மூன்றையும் இந்தக் கேள்வியோடு அணுகினால் குழப்பம் பாதி குறையும்.

ஒரே மாவு, இரண்டு நிறம்

பனியாறு தன் அடியில் சிக்கிய கற்களால் பாறையை அரைத்துக்கொண்டே நகர்கிறது. அதில் வரும் பொடிதான் பனியாற்று மாவு. அதன் மிக நுண்ணிய பகுதி சில மைக்ரான் அளவே இருக்கும். இத்தகைய துகள் எவ்வளவு மெதுவாக இறங்கும் என்பதைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 4 டிகிரி குளிர்ந்த அசையாத நீரில் 20 மைக்ரான் துகள் ஒரு நாளில் சுமார் 20 மீட்டர் இறங்கும். 2 மைக்ரான் துகள் ஒரு நாளில் 20 சென்டிமீட்டர்தான் இறங்கும். விட்டம் பத்தில் ஒன்றானால் வேகம் நூறில் ஒன்றாகிவிடுகிறது. லெமான் ஏரியின் அதிகபட்ச ஆழம் 310 மீட்டர், நீர் அதில் சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தங்குகிறது. அந்த அவகாசத்தில் நுண்பொடியும் அடியில் சேர்ந்துவிடும்.

ஆர்வ் சாம்பலாக இருக்கும்போது பிரியன்ஸ் ஏரி மட்டும் ஏன் பால் கலந்த நீலப்பச்சையில் இருக்கிறது? சுவிட்சர்லாந்தில் இண்டர்லாகன் ஊருக்குக் கிழக்கே உள்ள அந்த ஏரிக்கும் ஆரே, லூட்ஷினே என்னும் இரண்டு ஆறுகள் பனியாற்று மாவைத்தான் கொண்டுவருகின்றன. மாவின் இயல்பு ஒன்றே, அளவுதான் வேறு. தண்ணீர் சிவப்பு ஒளியை விழுங்கும், நீலத்தை அதிகம் விட்டுவிடும். துகள் குறைவாக இருந்தால் ஒளி சில மீட்டர் உள்ளே போய், வழியில் சிவப்பை இழந்து, மாவில் பட்டு நீலமும் பச்சையுமாகத் திரும்பும். துகள் மிக அடர்த்தியாக இருந்தால் ஒளி ஒரு சாண் ஆழம் போவதற்குள் திரும்பிவிடும். தண்ணீருக்குச் சிவப்பை விழுங்க வாய்ப்பே இல்லை. அதனால் கண்ணுக்கு வருவது பொடியின் சொந்த நிறமான சாம்பல்.

மலைப்பகுதியில் இதைப் பயன்படுத்தும் விதம் எளிது. சாம்பல் நீர் என்றால் பனியாறு பக்கத்தில் இருக்கலாம், இடையில் ஏரி இருக்க வாய்ப்பு குறைவு. பால் நீலப்பச்சை என்றால் பருமனான பொடி ஏற்கெனவே எங்கோ இறங்கிவிட்டது. பிரியன்ஸிலிருந்து ஆரே அடுத்ததாக விழும் தூன் ஏரி கூடுதல் தெளிவாக இருப்பதற்கும் இதுதான் காரணம்: மாவின் பெரும்பங்கை முதல் ஏரி எடுத்துக்கொண்டுவிட்டது.

நேரமும் துப்பு தரும். பனியாற்று ஓடை கோடையில் பிற்பகலுக்கு மேல் கலங்கும், விடியற்காலையில் ஓரளவு தெளியும், குளிர்காலத்தில் நன்றாகவே தெளியும். ஆனால் மேலே அணை இருந்தால் இந்தக் கணக்கு தவறும். ஆரேயின் மேற்பகுதியில் கிரிம்செல் நீர்மின் தேக்கங்கள் கோடைவெள்ளத்தைப் பிடித்து வைக்கின்றன. பருமனான மணல் தேக்கத்திலேயே தங்கிவிடும், மாவோ இறங்காமல் நீரிலேயே தங்கியிருந்து குளிர்காலத்தில் மின்னுற்பத்திக்காகத் திறக்கும்போது வெளியேறும். அதனால் பிரியன்ஸுக்குக் குளிர்காலத்திலும் கலங்கல் வருகிறது. குளிர்காலக் கலங்கலைப் பார்த்துவிட்டு, இது பனியாற்று நீர் இல்லை என்று தள்ளிவிடக் கூடாது.

சிவப்பும் சாம்பலும்

ஒகேனக்கலில் தென்மேற்குப் பருவ வெள்ளம் செம்பழுப்பாகக் கொட்டும். ஆர்வும் வண்டல் சுமக்கும் ஆறுதான், ஆனால் அதில் சிவப்பு கிடையாது. காரணம் பாறையின் வயது அல்ல, பாறை என்ன ஆனது என்பது. வெப்பமும் மழையும் நெடுங்காலம் பாறையைச் சிதைக்கும்போது அதிலுள்ள இரும்பு துருவாகி களித்துகள்களின் மேல் பூசிக்கொள்ளும். துரு நீல ஒளியை விழுங்கும், நமக்குச் சிவப்பும் பழுப்பும் மிஞ்சும். பனியாறு அரைத்த பொடியோ புதிதாய் உடைந்தது. துருப்பிடிக்க அதற்கு நேரமே கிடைத்திருக்காது. சிவந்த நீர் மண் அரித்து வந்தது, சாம்பல் நீர் பாறை அரைத்து வந்தது என்று கொள்ளலாம். பெரும்பாலும் பொருந்தும். சிவந்த மணற்பாறைப் பகுதியில் ஓடும் ஆறு ஏமாற்றும், அங்கே பாறையே சிவப்பு.

செந்நீரின் நிறம் வெள்ளத்தோடு வரும், வெள்ளத்தோடு போகும். வெயில் கூடினால் கலங்குவது பனியாறு, மழை கூடினால் கலங்குவது மண். நாலைந்து நாள் மழையையும் வெயிலையும் குறித்துவைத்து நிறத்தோடு ஒப்பிட்டாலே இந்த இரண்டையும் பிரித்துவிடலாம்.

பாசிதான் தந்திரக்காரன்

பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் விழுங்கிப் பச்சையை விட்டுவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் மெல்லிய பாசிப்பச்சையையும் பனியாற்று நீலப்பச்சையையும் கண் குழப்பிக்கொள்ளும், கைபேசிப் படம் அதைவிட மோசமாகக் குழப்பும். அதனால் நிறத்தை மட்டும் நம்பாமல் பாட்டிலை எடுக்க வேண்டும்.

நிறமற்ற ஒரு லிட்டர் பாட்டிலில், கரையோரக் கலங்கலைத் தவிர்த்து, மேற்பரப்புக்கு ஒரு முழம் கீழிருந்து முக்கால் பாகம் நீர் எடுக்கவும். பாசி என்று சந்தேகம் இருந்தால் கையுறை அவசியம், சில நீலப்பச்சைப் பாசிகள் நச்சு சுரக்கும். மூடியை இறுக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு அசைக்காமல் வைக்கவும். காலையில் தூக்கி ஆட்டாமல், பின்னால் வெள்ளைத் தாள் வைத்துப் பார்க்கவும்.

மேலே பச்சை வளையமாகவோ ஆடையாகவோ திரண்டிருந்தால் அது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி. அதன் செல்களுக்குள் காற்றுப்பைகள் உண்டு, அதனால் மிதக்கும். மண்ணும் மாவும் ஒருபோதும் மிதக்காது. மேட்டூர் நீர்த்தேக்கத்தில் சில ஆண்டுகள் பச்சைப் படலம் படர்ந்து நாற்றம் எடுப்பது இந்த வகைக் கதைதான். அடியில் பச்சையாகப் படிந்தால் வேறு பாசியாக இருக்கலாம், அதற்கு அடுத்த சோதனை தேவை. அடியில் செம்பழுப்பாகப் படிந்து மேலே ஓரளவு தெளிந்தால் மண். எதுவுமே ஆகாமல் மங்கிய வெண்மை அப்படியே நின்றால் மாவு: மேலே சொன்ன கணக்குப்படி 1 மைக்ரான் துகள் ஒரு சாண் இறங்கவே நான்கு நாள் ஆகும். மிக நுண்ணிய களியும் இப்படி நிற்கும், ஆனால் அதில் சிவப்போ மஞ்சளோ தட்டும். தேத்தாங்கொட்டையை இழைத்தோ படிகாரத்தைக் கலக்கியோ நம் வீடுகளில் ஆற்றுநீரைத் தெளியவைத்தது இந்த இறங்காத களிக்காகத்தான்.

அடுத்த சோதனை வடிதாள். காபி வடிதாளில் கால் லிட்டர் ஊற்றி, மிஞ்சும் படிவைத் தாளோடு சிறு கண்ணாடிக் குப்பியில் போட்டு, மூழ்கும் அளவு மருந்துக்கடை ஸ்பிரிட் விட்டு இருட்டில் அரை மணி நேரம் வைக்கவும். பக்கத்தில் நெருப்பு கூடாது. ஸ்பிரிட் பச்சையானால் அதில் பச்சையம் இருக்கிறது, விவாதம் முடிந்தது. பச்சையாகாமல், தாளில் சாம்பல் பொடி முகப்பவுடர் போல வழுவழுப்பாக விரலில் ஒட்டினால் மாவு. மிக நுண்ணிய மாவு தாளைத் தாண்டிக் கீழே போய்விடுவதும் உண்டு. வடிந்த நீர் சிவப்போ மஞ்சளோ தட்டாமல் இன்னும் மங்கலாகவே இருந்தால் அதையும் மாவுக்கான ஒரு துப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

பாசி போடும் வெள்ளை வேடம்

சுண்ணாம்பு கூடிய கடினநீர் ஏரிகளில் ஒரு விசித்திரம் நடக்கும். பாசி செழித்து நீரிலுள்ள கரியமில வாயுவை இழுத்துக்கொள்ளும்போது, கரைந்திருந்த சுண்ணாம்பு நுண்படிகமாகப் பிரிந்துவரும். அது ஒளியைச் சிதறடித்து ஏரியைப் பால் நீலப்பச்சையாக்கும். பனியாறே இல்லாத ஏரிக்குப் பனியாற்று முகம் வந்துவிடும். வடிதாள் படிவில் சில துளி வினிகர் விட்டால் சுண்ணாம்புப் படிகம் நுரைத்துக் கரையும், கருங்கல் மாவு கரையாது. ஆனால் பனியாறு சுண்ணாம்புப் பாறையையே அரைத்திருந்தால் அந்த மாவும் நுரைக்கும். ஆகவே மேலேயுள்ள பாறை என்ன என்று தெரியாமல் வினிகர் சோதனையை நம்ப வேண்டாம். அங்கே பருவம்தான் கைகொடுக்கும்: படிகப் பால்நிறம் கோடையில் சில வாரங்கள் தங்கி மறையும், பனியாற்று நிறம் உருகுகாலம் முழுக்க நிற்கும்.

தட்டு தரும் தவறான தீர்ப்பு

நீரின் தெளிவை அளக்க 20 சென்டிமீட்டர் செக்கி தட்டைக் கயிற்றில் இறக்குவார்கள். தட்டு மறையும் ஆழத்தையும், திரும்பத் தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுப்பார்கள். நல்ல கருவி, மலிவானது. ஆனால் அந்த அளவைக் கொண்டு ஏரியின் சத்துச்செழிப்பைக் கணிக்கும் கார்ல்சன் சூத்திரம் (1977) இதுதான்:

```
TSI = 60 - 14.41 × ln(SD)
```

TSI என்பது சத்துச்செழிப்புக் குறியீடு, SD என்பது மீட்டரில் தட்டு மறையும் ஆழம், ln என்பது இயல் மடக்கை. பனியாற்று ஏரியில் தட்டு 1 மீட்டரில் மறைந்தால் விடை 60. 50-க்கு மேல் போனால் சத்து மிகுந்து பாசி கொழுத்த ஏரி என்று அர்த்தம். பிரியன்ஸ் போன்ற ஏரியோ பாசிக்குத் தேவையான பாஸ்பரஸ் மிகக் குறைந்த, ஏழை ஏரி. மாவு ஒளியை மறைப்பதால் பாசி வளர்வது இன்னும் கடினமாகிறது. கலங்கலைப் பாசி என்று எடுத்துக்கொண்டது தட்டின் குற்றம் அல்ல, மறைப்பது எது என்று அந்தச் சூத்திரம் கேட்பதே இல்லை. பச்சையத்தை அளந்து அதே குறியீட்டைத் தனியாகக் கணித்துப் பார்த்து, இரண்டு விடையும் வெகுவாக விலகினால் அங்கே கலங்கலுக்குக் காரணம் பாசி அல்ல.

இந்தச் சோதனைகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் ஸ்பிரிட் சோதனையைத் தேர்ந்தெடுக்கலாம். அது பாசியைத் தனியே பிரித்துவிடும். பாக்கி இருக்கும் மண்ணையும் மாவையும் பிரிக்க, வானிலைக் குறிப்பும் மேலே ஏரியோ அணையோ உண்டா என்று காட்டும் வரைபடமும் போதும். வரைபடத்தை எடுக்கும்போது ஆற்றின் பெயரைப் பின்தொடராமல், பெரிய துணையாறுகள் ஒவ்வொன்றையும் தலைவரை பார்க்க வேண்டும்: ரோனும் ஆர்வும் கூடிய பிறகு வரும் சாம்பல் கலங்கலை ரோன் என்ற பெயரோடு மட்டும் தேடினால் வழியில் லெமான்தான் கிடைக்கும், கணக்கு உதைக்கும்.